பார்சல் படிவத்தில் பெறுநரின் போன் நம்பர்: எதற்குக் கேட்கிறார்கள், எப்படி எழுத வேண்டும்

கூரியர் கவுன்டரில் படிவம் நிரப்பித் தரும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். வெளிநாட்டுக்குப் பார்சல் போட வருபவர்கள் முகவரியை மளமளவென்று சொல்லிவிடுவார்கள். "வாங்குறவங்க போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றதும் பேச்சு நின்றுவிடும். ஒரு அம்மா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அவ நம்பர் எதுக்கு தம்பி? என் நம்பரையே போட்டுக்கோங்க. ஏதாச்சும்னா என்னைக் கூப்பிடுங்க, நான் அவகிட்ட சொல்லிக்கறேன்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பார்சலைக் கொண்டுவந்தவர் அவர், பணம் கட்டியவர் அவர். ஆனால் பார்சல் எல்லை தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. அந்த நாட்டுச் சுங்கத்தின் பார்வையில் ஒரு பொருள் இறக்குமதியாகிறது, அதை இறக்குமதி செய்பவர் பெறுநர். அனுப்புபவரே வரியையும் கட்டிவிடுவதாகத் தனியாக ஏற்பாடு செய்யாதவரை வரி கட்ட வேண்டியவரும், பொருளைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவரும், "என் சார்பில் நீங்கள் சுங்க வேலையை முடித்துக்கொடுங்கள்" என்று கூரியருக்கு ஒப்புதல் தர வேண்டியவரும் அவர்தான். அந்த மகள் ஒரு வார்த்தை சொன்னால் நகரக்கூடிய பெட்டி, அம்மாவுக்கு எத்தனை முறை போன் போட்டாலும் நகராது.

அந்தப் போனை யார் செய்வார்கள் என்பதிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சுங்க அதிகாரி தானே எண்ணை அழுத்திக் கூப்பிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சுங்கம் கேள்வியைக் கூரியரிடம் கேட்கும். பொருளின் விவரம் தெளிவாக இல்லை, மதிப்பு பொருந்தவில்லை, பெறுநரின் அடையாள எண் இல்லை என்று ஏதாவது ஒன்று. பதில் வாங்கித் தருவது, சென்றடையும் நாட்டில் அந்தக் கூரியருக்கென்று இருக்கும் சுங்கப் பிரிவின் வேலை. அவர்கள் கையில் இருப்பது படிவத்தில் நாம் எழுதிய ஒற்றை வரி எண். அதற்கு ஒரு எஸ்எம்எஸ் போகும், இல்லையென்றால் வரி கட்டுவதற்கான இணைப்பு போகும், சில சமயம் ஆளே கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் பெட்டி கிடங்கில் உட்கார்ந்திருக்கும். குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு வாடகை ஏறும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடும்.

கூரியர்கள் இந்த எண்ணை இவ்வளவு கறாராகக் கேட்பதற்கு நேரமும் ஒரு காரணம். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே பார்சலின் விவரங்கள் மின்னணுத் தரவாக அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் போய்விடுகின்றன. கேள்வி எழுந்தால் சில மணி நேரத்தில் பதில் வேண்டும். அங்கே காலை பத்து மணி என்றால் அனுப்பியவர் ஊரில் நள்ளிரவாக இருக்கலாம். பெறுநர் அதே நாட்டு நேரத்தில் விழித்திருப்பவர்.

அஞ்சலில் போகும் பார்சலுக்கு முன்பெல்லாம் இவ்வளவு அவசரம் கிடையாது. வரி இருந்தால் முகவரிக்கு ஒரு அட்டை வரும், போய்க் கட்டிவிட்டு வாங்கிவர வேண்டியதுதான். இப்போது அஞ்சலும் முன்கூட்டியே தரவு அனுப்பும் முறைக்கு வந்துவிட்டது. அதோடு ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குள் இருந்த பொருள்களுக்கான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கிவிட்டது. அதற்குமுன் யாரையும் கேட்காமல் வீடு போய்ச் சேர்ந்த சின்னச் சின்ன இணையக் கடைப் பொருள்களுக்கும் அதன்பின் வரிக் கணக்கு வந்தது. விற்பவர் முன்கூட்டியே வசூலிக்காத வரியைப் பெறுநரிடம்தான் கேட்டாக வேண்டும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் சிஎன் 23 என்ற சுங்கப் படிவத்தில் தொலைபேசிக்கு இடம் இருப்பதும் இப்படி ஆளைப் பிடிப்பதற்காகத்தான்.

சரி, எண் வேண்டும். அதை எப்படி எழுதுவது? சிக்கல் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

அந்த அம்மாவின் மகள் பிரிட்டனில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகள் தன் எண்ணை அங்கே எல்லோரும் சொல்வதுபோல 07700 900123 என்று அனுப்பியிருக்கிறாள். (இது யாருடைய எண்ணும் இல்லை. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நாடகங்களில் காட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் வரிசையில் ஒன்று.) இதில் முதலில் நிற்கும் பூஜ்யம் எண்ணின் பகுதி இல்லை. "நான் நாட்டுக்குள்ளேயே கூப்பிடுகிறேன்" என்று தொலைபேசி வலையமைப்புக்குச் சொல்லும் முன்னொட்டு அது. வெளிநாட்டு வடிவத்தில் எழுதும்போது அந்த இடத்துக்கு நாட்டுக் கோடு வருகிறது. பிரிட்டனின் கோடு 44. அதனால் பூஜ்யத்தை எடுத்துவிட்டு இப்படி எழுத வேண்டும்:

```
+44 7700 900123
```

கூட்டல் குறிக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. "இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட என்ன அழுத்த வேண்டுமோ அதை அழுத்து" என்பதுதான் அது. பல நாடுகளில் அது 00. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011. ஆஸ்திரேலியாவில் 0011. கூட்டலுக்குப் பதில் 0044 என்று எழுதினால் பல இடங்களில் வேலை செய்யும், அமெரிக்காவில் இருக்கும் ஒரு கணினிக்கு அது புரியாமல் போகலாம். கூட்டல் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கோட்டையும் சேர்த்து எண்ணினால் இதில் 12 இலக்கம் வருகிறது. எண்ணிப் பார்க்கும் பழக்கம் நல்லது. தொலைபேசி எண்களுக்கான உலகத் தரம் இ.164 என்பது. அதன்படி நாட்டுக் கோடு ஒன்று முதல் மூன்று இலக்கம் வரை இருக்கும், மொத்தம் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நீளம் இருக்கிறது. பிரிட்டன் கைப்பேசிக்கு 12 என்று தெரிந்தால், எழுதியது 13 ஆக இருக்கும்போதே சந்தேகம் வந்துவிடும்.

பதின்மூன்று எப்படி வரும்? வணிக அட்டைகளிலும் மின்னஞ்சலின் அடியிலும் +44 (0)7700 900123 என்று போட்டிருப்பார்கள். உள்ளூரில் கூப்பிட்டால் பூஜ்யம் போடு, வெளியிலிருந்து கூப்பிட்டால் விடு என்று மனிதர்களுக்குச் சொல்லும் வழி அது. படிவத்தை வாசிப்பது கணினி. அது அடைப்புக்குறியைக் களைந்துவிட்டு உள்ளே இருக்கும் பூஜ்யத்தை வைத்துக்கொள்ளும். வருவது +4407700900123. அதற்குப் போகும் எஸ்எம்எஸ் மகளுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. அடைப்புக்குறியை எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள். இடைவெளி விடுவதில் தப்பில்லை, படிவம் ஏற்றுக்கொண்டால் விடலாம். கையால் எழுதும்போது இடைவெளி விட்டால் படிக்கிறவருக்கும் நல்லது.

பூஜ்யத்தை எடுப்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியில் வீட்டுத் தொலைபேசி எண்ணின் பூஜ்யம் எண்ணின் பகுதியே. ரோம் நகர எண் என்றால் +39 06 என்றுதான் தொடங்கும், அங்கே எடுத்தால்தான் தப்பு. ரஷ்யாவில் உள்ளூர் முன்னொட்டு 8. அதை எடுத்துவிட்டு +7 போட வேண்டும். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் எடுப்பதற்கு எதுவும் இல்லை, எட்டு இலக்கத்துக்கு முன்னால் +65 அல்லது +852 சேர்த்தால் போதும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "வெளிநாட்டிலிருந்து உன்னைக் கூப்பிடுவதுபோல, பிளஸ் போட்டு எழுதி அனுப்பு" என்று பெறுநரிடமே கேட்டு வாங்கினால் சரியாக வந்துவிடும். அந்த எண்ணை அப்படியே நம் போனில் சேமித்து ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தால் இன்னும் உறுதி.

இனி நான் கவுன்டரில் அடிக்கடி பார்த்த தவறுக்கு வருகிறேன். இணையப் படிவங்களில் கோட்டுக்கு ஒரு பட்டியல், எண்ணுக்குத் தனிக் கட்டம் என்று இரண்டு இருக்கும். பட்டியலில் அனுப்பும் நாட்டின் கோடு ஏற்கெனவே தேர்வாகி நிற்கும். அதைக் கவனிக்காமல் பக்கத்துக் கட்டத்தில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 7700900123 என்று போட்டால், அது பத்து இலக்கம், 7-ல் தொடங்குகிறது. அனுப்பும் நாடு இந்தியா என்றால் தேர்வாகியிருப்பது +91. இந்தியக் கைப்பேசி எண்களும் பத்து இலக்கம்தான், 6 முதல் 9 வரை ஏதாவது ஒரு இலக்கத்தில் தொடங்குபவை. படிவத்துக்கு இது முழுக்கச் சரியான எண்ணாகத் தெரியும். சிவப்பில் எச்சரிக்கை வராது, மேலே போகலாம் என்று விட்டுவிடும். பெட்டி பிரிட்டனில் நிற்கும்போது "வரி கட்டுங்கள்" என்ற செய்தி இந்தியாவில் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போகும். அவர் மோசடிக் குறுஞ்செய்தி என்று நினைத்து அழித்துவிடுவார். அப்படி நினைத்ததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறு, பட்டியலில் +44 தேர்ந்தெடுத்துவிட்டு எண் கட்டத்திலும் +44 எழுதுவது. லேபிளில் 4444 என்று தொடங்கினால் நடந்தது இதுதான். கோட்டுக்குத் தனி இடம் இருந்தால் எண் கட்டத்தில் கோடு வரக் கூடாது, ஒரே கட்டம்தான் என்றால் கோட்டோடு சேர்த்து எழுத வேண்டும். கூட்டல் குறியைப் படிவம் ஏற்க மறுத்தால் 447700900123 என்று வெறும் இலக்கங்களாக எழுதுங்கள்.

கோடு முகவரியைப் பார்த்து வருவதில்லை, எண்ணைப் பார்த்து வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். படிக்கப் போன பிள்ளை, புதிதாகக் குடியேறியவர், சில மாத வேலைக்குப் போனவர், இவர்கள் பழைய நாட்டு சிம்மையே வைத்திருப்பார்கள். வாட்ஸ்ஆப்பும் அந்த எண்ணிலேயே ஓடும். நாம் தினமும் பேசுவது அந்த எண்ணில் என்பதால் படிவத்திலும் அதையே எழுதிவிடுகிறோம். வாட்ஸ்ஆப்புக்கு இணையம் இருந்தால் போதும். கூரியரின் எஸ்எம்எஸ்ஸுக்கு அந்த சிம் போனில் உயிரோடு இருக்க வேண்டும். பல பேரிடம் அந்த சிம் கழற்றி மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். அங்கே வாங்கிய உள்ளூர் எண் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். இன்னும் வாங்கவில்லை, பழைய சிம் ரோமிங்கில் வேலை செய்கிறது என்றால், அதற்குரிய பழைய நாட்டுக் கோட்டோடு எழுதுங்கள். பழைய எண்ணுக்கு முன்னால் புது நாட்டுக் கோட்டை ஒட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம், அது எங்கேயும் போகாது, இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போகும். சில படிவங்கள் சென்றடையும் நாட்டின் கோட்டை மட்டுமே அனுமதிக்கும். அப்போது கூடத் தங்கியிருப்பவர் ஒருவரின் எண்ணை, அவர் சம்மதத்தோடு போடுவது நல்லது. யாருக்காக வருகிறது என்று அவரிடம் முன்பே சொல்லியும் வைக்க வேண்டும்.

கடையோ சின்னத் தொழிலோ நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய தவறு ஒன்று தனியாக இருக்கிறது. நூறு பார்சலின் விவரத்தை எக்செல் தாளில் வைத்து மொத்தமாகப் பதிவேற்றுவார்கள். எக்செல் போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாகப் பார்க்கிறது. 07700900123 என்று அடித்தால் முதல் பூஜ்யத்தைத் தின்றுவிடும். +447700900123 என்று அடித்தால் கூட்டலைத் தின்றுவிட்டு, 12 இலக்கம் நீளம் என்பதால் இப்படிக் காட்டும்:

```
4.47701E+11
```

அகலம் போதாமல் இப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டு சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், கோப்பில் உட்காருவது திரையில் தெரிந்த அதே சுருக்க வடிவம்தான். மறுபடி திறந்தால் 447701-க்குப் பின்னால் ஆறு பூஜ்யங்கள். எண்ணின் கடைசிப் பகுதி போயே போய்விட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. ஒரு பட்டியலில் பல எண்கள் 000000 என்று முடிந்தால் நடந்தது இதுவே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை 'உரை' வகைக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் போனது வராது.

அப்புறம், "பெறுநரின் எண்" என்று மொட்டையாகக் கேட்கும் இடங்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எல்லாப் படிவத்திலும் அது போன் நம்பராக இருக்காது. பிரேசிலுக்கு அனுப்பினால் பெறுநரின் சிபிஎஃப் என்ற வரி எண் தேவை, அது 11 இலக்கம். பிரேசில் கைப்பேசி எண்ணும் நாட்டுக் கோடு இல்லாமல் பார்த்தால் பகுதிக் குறியீடு இரண்டு, எண் ஒன்பது என்று அதே 11 இலக்கம். வெறும் இலக்கங்களாகக் குறித்துவைத்திருந்தால் எது எது என்று கண்ணால் பார்த்து உடனே சொல்ல முடியாது. சிபிஎஃப் எண்ணை எழுதும் வழக்கம் வேறு. மூன்று மூன்றாகப் புள்ளி வைத்து, கடைசி இரண்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கிடைக்கோடு போட்டிருக்கும். கேட்டு வாங்கும்போதே எது சிபிஎஃப், எது போன் என்று பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனுக்கு முன்னால் +55 எழுதிவிட்டால் பிறகு குழம்பாது.

தென்கொரியாவில் தனிநபர் சுங்க எண் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கில எழுத்தான பி-யில் தொடங்கி 12 இலக்கம் வரும். இணையத்தில் வாங்கிய பொருள் அங்கே போகும்போது அந்த எண்ணைப் பெறுநரின் பெயரோடும் கைப்பேசி எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே போன் நம்பர் கூப்பிடுவதற்கு மட்டும் பயன்படவில்லை, ஆளை உறுதி செய்யும் சான்றாகவும் ஆகிவிடுகிறது. சுங்க எண் வாங்கியபோது எந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்தாரோ அதையே எழுத வேண்டும். நம்பர் மாற்றியவர்கள் முதலில் அந்தப் பதிவைத் திருத்திக்கொள்ளட்டும்.

லேண்ட்லைன் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அலுவலக முகவரிக்குப் போகும் பார்சல் என்றால் கொடுக்கலாம், உள் இணைப்பு எண்ணையும் வாங்குபவர் பெயரையும் சேர்த்து. ஆனால் எஸ்எம்எஸ், ஓடிபி, வரி கட்டும் இணைப்பு இதெல்லாம் கைப்பேசிக்குத்தான் வந்து சேரும். வீட்டுக்குப் போகும் பார்சலுக்குக் கைப்பேசியே சரி. இரண்டாவது எண்ணுக்கு இடம் இருந்தால் அங்கே லேண்ட்லைனைப் போடலாம். ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண் எழுத வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரே நீள எண்ணாக்கிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன.

எண் கொடுப்பதில் தயக்கம் இருப்பது எனக்குப் புரிகிறது. அது லேபிளில் அச்சாகிறது, பல கைகள் மாறுகிறது. அதற்காகத் தப்பான எண்ணைக் கொடுப்பது பெட்டியையே பணயம் வைப்பது. பொதுவில் புழங்க விடாத எண் என்றால், பெறுநர் வேறொரு கைப்பேசி எண்ணைத் தரலாம், அது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இங்கே பணம் கட்டுங்கள்" என்ற மோசடிச் செய்திகள் உலகம் முழுக்கச் சுற்றுவதால், உண்மையான பார்சல் வரும்போது பெறுநருக்கு எது நம்பத் தகுந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ட்ராக்கிங் எண்ணை அவரிடம் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், கூரியரின் இணையதளத்தைத் தானே திறந்து அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரி உண்மையிலேயே பாக்கி என்றால் அங்கேயும் தெரியும்.

அந்த அம்மாவிடம் அன்று மகளுக்கு அங்கேயே போன் போடச் சொன்னேன். மகள் பூஜ்யத்தோடு சொன்னாள், நாங்கள் கோடு மாற்றி எழுதினோம். லேபிள் அச்சானதும் அதை அம்மாவின் கையில் கொடுத்து, எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, அந்தப் பக்கம் மகள் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்டி கவுன்டரை விட்டுப் போகும்வரை திருத்துவது சுலபம், லேபிளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினால் முடிந்தது. போன பிறகு தெரிந்தால் ட்ராக்கிங் எண்ணைச் சொல்லி, தொடர்பு எண்ணை மாற்றச் சொல்லி உடனே கூரியரிடம் கேட்க வேண்டும். பெட்டியின்மேல் ஒட்டிய லேபிள் மாறாது. ஆனால் அங்கே இருக்கும் சுங்கப் பிரிவு திறந்து பார்க்கும் பதிவில் புது எண்ணைச் சேர்க்க முடியும். பெட்டி இறங்குவதற்குள் சேர்த்துவிட்டால் கேள்வி போக வேண்டிய இடத்துக்கே போகும்.